எமர்ஜென்சி பட்டனுக்கு இரண்டு காண்டாக்ட் எதற்கு? ரிப்பன் பிளெண்டருக்கு சேஃப்டி ரிலே போடும் விஷயம்

கோவைப் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கணபதி பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மசாலாப் பொடி கலக்கும் ரிப்பன் பிளெண்டர் செய்கிறோம், 200 கிலோ கொள்ளளவு, 5 ஹெச்பி மோட்டார், கியர்பாக்ஸ் வழியாக ரிப்பன் சுற்றும். இதுவரை ஒரே டிஓஎல் ஸ்டார்ட்டர்தான். எமர்ஜென்சி பட்டனின் என்சி காண்டாக்டை ஸ்டாப் பட்டனோடு சீரியஸில் போட்டு 230 வோல்ட் காயிலுக்குக் கொடுத்துவிடுவோம். பதினோரு வருஷமாக இப்படித்தான் போகிறது.

இப்போது ஒரு ஏற்றுமதிக்காரர் மெஷின் கேட்டிருக்கிறார். அவருடைய இன்ஜினியர் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, எமர்ஜென்சிக்கு டூயல் சேனல் வேண்டும், சேஃப்டி ரிலே வேண்டும், இரண்டு காண்டாக்டர் சீரியஸில் வேண்டும், பேனலில் ஒரு பட்டனும் பொடி இறக்கும் வாய்ப் பக்கம் ஒரு பட்டனும் வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

செய்துகொடுப்பதில் தயக்கமில்லை, ஆனால் புரியாமல் ஒயர் இழுக்க மனசு வரவில்லை. காளான் தலை ஒன்று, அதை அழுத்தும் கை ஒன்று. அந்தத் தலையே கெட்டுப்போனால் இரண்டு காண்டாக்டும் சேர்ந்துதானே கெடும்? அப்புறம் இரண்டாவது சேனல் எதற்கு? ரிலே விலையில் எனக்கு நாலு காண்டாக்டர் வரும், அதனால் கேட்கிறேன்.

---

மின்கம்பி எழுதியது:

அண்ணா, என்சி காண்டாக்ட் போட்டிருக்கிறீர்கள் இல்லையா, அதுவே போதும். கம்பி அறுந்தால், டெர்மினல் லூஸானால், எல்லாவற்றுக்கும் காயிலுக்குப் போகும் கரண்ட் அறுந்து மெஷின் நின்றுவிடும். என்ஓ போட்டவர்களுக்குத்தான் ஆபத்து. நான் போட்ட பேனல் எல்லாம் இப்படித்தான், ஒரு புகார் வந்ததில்லை. வாங்குபவர் கேட்கிறார் என்றால் ஒரு காண்டாக்டையே ரிலேயின் இரண்டு இன்புட்டுக்கும் ஜம்பர் பண்ணிக் கொடுத்துவிடுங்கள், அழுத்தினால் நிற்கும், அவரும் பார்த்துத் திருப்தியாகிவிடுவார்.

---

பேனல்காரர் எழுதியது:

மின்கம்பி சொன்னதில் முதல் பாதி சரி. கம்பி அறுந்தால் என்சி காப்பாற்றும். ஆனால் வேறு இரண்டு விஷயமும் நடக்கும், அதில் என்சி ஒன்றும் செய்யாது.

ஒன்று, பட்டனுக்குப் போகும் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டுவது. இறக்கும் வாய்ப் பக்கம் பட்டன் வைக்கப் போகிறீர்கள். அங்கே போகும் கேபிள் கிளாண்டில் நசுங்கி, மிளகாய்ப் பொடியும் கழுவுகிற தண்ணீரும் பட்டு, இன்சுலேஷன் போய் உள்ளே இரண்டு கம்பியும் தொட்டுவிட்டது என்று வையுங்கள். அப்போது பட்டன் திறந்தாலும் கரண்ட் அந்த ஒட்டு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மெஷின் ஓடும்போது எந்த அறிகுறியும் தெரியாது. அழுத்துகிற அந்த நொடியில்தான் தெரியும்.

இரண்டாவது, பட்டறைக்காரர் கேட்ட அதே கேள்வி. 22 எம்எம் பட்டனில் தலை பேனலுக்கு வெளியே இருக்கிறது, காண்டாக்ட் பிளாக் உள்ளே ஒரு காலரில் கிளிப் ஆகிறது. அந்தக் கிளிப் முழுசாக உட்காரவில்லை என்றால், அல்லது அதிர்வில் மெல்ல மெல்ல விலகினால், பிளாக் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் போய்விடும். வெளியே தலை உள்ளே போகும், பூட்டிக்கொள்ளும், பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே தண்டு பிளாக்கைத் தொடவே இல்லை. என்சி மூடியபடியே இருக்கிறது. கையால் எப்போதாவது பிளாக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், சில பேனலில் ஆடும்.

இரண்டு தனித்தனி பிளாக் போட்டால் ஒன்று விலகினாலும் மற்றது திறக்கும், ரிலே ஆஃப் ஆகும். அதோடு "ஒரு சேனல் திறந்தது, மற்றது திறக்கவில்லை" என்று பார்த்து ரீசெட் ஆக மறுக்கும். அந்த மறுப்புதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. ஜம்பர் போட்டால் நிற்பது மட்டும் நடக்கும், கண்டுபிடிப்பது போய்விடும்.

ஆனால் பட்டறைக்காரரின் சந்தேகத்தில் உண்மை இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். காலரே முழுசாகக் கழன்று வந்தால் இரண்டு பிளாக்கும் சேர்ந்து போகும், ரிலேவுக்குத் தெரியாது. இதற்கென்றே தன்னைத்தானே கண்காணிக்கும் பிளாக் வருகிறது, உள்ளே கூடுதலாக ஒரு காண்டாக்ட் இருக்கும், பிளாக் பட்டனிலிருந்து பிரிந்ததும் அதுவே சர்க்யூட்டைத் திறந்துவிடும். இறக்கும் வாய்ப் பக்கத்துப் பட்டனுக்காவது அதைப் போடுங்கள். எந்தப் பிளாக் வாங்கினாலும் அதன் மேல் வட்டத்துக்குள் அம்பு போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டாலும் நீங்கள் அழுத்தும் விசையே நேரடியாக அதைப் பிய்த்துத் திறக்கும் என்பது அந்தக் குறியின் அர்த்தம்.

---

ஓசூர் மெயின்டனன்ஸ் எழுதியது:

பட்டனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்த்த வரைக்கும் கெட்டுப்போவது காண்டாக்டர்தான். பட்டறைக்காரரே, ஸ்டாப் அடித்தும் நிற்காத மெஷின் உங்களிடம் ஒன்றுகூட இல்லையா?

---

கோவைப் பட்டறை எழுதியது:

இருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் முதலில் எழுதவில்லை. மூன்று வருஷம் முன்பு ஒரு வாடிக்கையாளர் இடத்தில், ரிப்பனில் பொடி கட்டிப்பிடித்துவிட்டது என்று ஆபரேட்டர் ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டார்ட், ஸ்டாப் என்று தட்டித் தட்டி இறக்கியிருக்கிறார். ஒரு தடவை ஸ்டாப் அடித்தார், நிற்கவில்லை. எமர்ஜென்சி அடித்தார், அதுவும் நிற்கவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். நல்ல வேளை கை உள்ளே இல்லை. காண்டாக்டரைப் பிரித்தபோது நடு பேஸின் வெள்ளி முனை இரண்டும் உருகி ஒட்டிப்போய் இருந்தது, ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் டக்கென்று பிரிந்தது. காண்டாக்டர் மட்டமானது என்று நினைத்து வேறு கம்பெனி போட்டேன்.

---

பேனல்காரர் எழுதியது:

காண்டாக்டர் மேல் குற்றமில்லை. மோட்டார் வேகம் எடுக்கும் முன்பே ஸ்டாப் அடித்தால், ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டைக் காண்டாக்டர் பிரிக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் முனை கொஞ்சம் உருகும். தட்டித் தட்டி ஓட்டுகிற மெஷினில் எந்தக் காண்டாக்டரும் ஒரு நாள் ஒட்டும். அன்றைக்கு உங்கள் எமர்ஜென்சி பட்டன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டியது. வெட்டி என்ன செய்ய, முனை விடவில்லையே.

அதனால்தான் மோட்டாருக்கு முன்னால் K1, K2 என்று இரண்டு காண்டாக்டர் சீரியஸில். ஒன்று ஒட்டினால் இன்னொன்று பிரிக்கும். ஆனால் இதோடு விட்டால் பாதி வேலைதான். K1 ஒட்டியது யாருக்கும் தெரியாது, K2 நிறுத்திக்கொண்டே இருக்கும், ஒரு வருஷம் கழித்து K2 ஒட்டும், அன்றைக்கு நீங்கள் மறுபடி அந்த மெயின் சுவிட்சுக்கு ஓட வேண்டும். ஒட்டியது தெரிய, K1, K2 இரண்டின் என்சி துணைக் காண்டாக்டையும் ரீசெட் பட்டனோடு சீரியஸில் போடுங்கள். K1 ஒட்டியிருந்தால் அதன் என்சி மூடாது, ரீசெட் வேலை செய்யாது, மெஷின் மறுபடி கிளம்பாது.

```
S11 --[ES1 11-12]--[ES2 11-12]-- S12
S21 --[ES1 21-22]--[ES2 21-22]-- S22
S33 --[RESET]--[K1 21-22]--[K2 21-22]-- S34
13-14 -> K1 A1
23-24 -> K2 A1
```

டெர்மினல் எண்கள் ரிலேக்கு ரிலே மாறும், உங்களுடைய ரிலேயின் தாளைப் பார்த்துப் போடுங்கள். ES1 பேனல் பட்டன், ES2 இறக்கும் வாய்ப் பட்டன்.

துணைக் காண்டாக்டில் ஒரு கவனம். மெயின் முனை ஒட்டியிருக்கும்போது என்சி மூடவே முடியாதபடி செய்யப்பட்ட வகைதான் வேண்டும். காண்டாக்டரின் கேட்டலாக்கில் மிரர் காண்டாக்ட் என்று போட்டிருப்பார்கள். மேலே கிளிப் பண்ணும் மலிவான துணைப் பிளாக் எல்லாவற்றுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது, மெயின் முனை ஒட்டியிருக்க அது மட்டும் திரும்பி வந்து "எல்லாம் சரி" என்று சொல்லிவிடும்.

---

திருப்பூர் லேத் எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை. எங்கள் லேத்தில் விஎஃப்டி இருக்கிறது, அதன் இன்புட்டில் காண்டாக்டர். எமர்ஜென்சி அடித்தால் காண்டாக்டர் விழுகிறது, ஆனால் சக் இருபது செகண்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் எனக்கும் இரண்டு காண்டாக்டர் சீரியஸில் போட்டால் சீக்கிரம் நிற்குமா?

---

பேனல்காரர் எழுதியது:

நிற்காது. உங்களுடையது வேறு பிரச்சினை. நீங்கள் கரண்டை உடனே வெட்டுகிறீர்கள், வெட்டியபின் விஎஃப்டிக்குப் பிரேக் பிடிக்க வழியில்லை, சக்கின் எடை தானாக ஓடி ஓய்கிறது. எத்தனை காண்டாக்டர் போட்டாலும் அதே இருபது செகண்ட்தான்.

உங்களுக்கு வேண்டியது தாமதக் காண்டாக்ட் உள்ள சேஃப்டி ரிலே. பட்டன் அழுத்தியதும் உடனடிக் காண்டாக்ட் விஎஃப்டிக்கு வேகமாக நிறுத்து என்று சொல்லும், விஎஃப்டி பிரேக் ரெசிஸ்டரில் சக்தியைக் கரைத்து மூன்று நாலு செகண்டில் இறக்கும். அது முடிந்து கொஞ்சம் கழித்துத் தாமதக் காண்டாக்ட் விஎஃப்டியின் எஸ்டிஓ இன்புட் இரண்டையும் வெட்டும். விஎஃப்டி இறக்கத் தவறினாலும் அந்த நேரம் ஆனதும் டார்க் போய்விடும். பிரேக் ரெசிஸ்டர் இல்லாமல் இறங்கும் நேரத்தை மட்டும் குறைத்தால் டிசி வோல்டேஜ் ஏறி டிரிப் ஆகி, மறுபடி சக் தானாகத்தான் ஓடும். இதற்குத் தனியாக ஒரு இழை போடுங்கள், விஎஃப்டி மாடலோடு.

பிளெண்டரில் இந்தத் தொல்லை இல்லை. கியர்பாக்ஸும் பொடியும் சேர்ந்து கரண்ட் போனதும் பிடித்துவிடும்.

---

கோவைப் பட்டறை எழுதியது:

இப்போது விஷயம் மனசில் உட்கார்ந்தது. டிராயிங் போட ஆரம்பித்துவிட்டேன். ஒரு இடத்தில் இடிக்கிறது. உங்கள் படத்தில் ரீசெட் அடித்தால் K1, K2 இரண்டும் இழுக்கும், மோட்டார் கிளம்பிவிடுமே? ரீசெட்டும் ஸ்டார்ட்டும் ஒன்றாகிவிடாதா?

---

பேனல்காரர் எழுதியது:

சரியான இடத்தில் நிறுத்தினீர்கள். நிறைய பேனலில் இந்தத் தப்பு இருக்கிறது. பட்டனைத் திருப்பி விடுவித்தாலும் ஓடக்கூடாது, ரீசெட் அடித்தாலும் ஓடக்கூடாது, அதற்குப் பிறகு ஸ்டார்ட் அடித்தால்தான் ஓட வேண்டும்.

நான் செய்வது, பழைய ஸ்டார்ட்டரை அப்படியே K3 என்று வைத்துக்கொள்வது. K1, K2, K3 மூன்றும் வரிசையாக. தினசரி ஸ்டார்ட் ஸ்டாப் எல்லாம் K3 பார்க்கும், தட்டித் தட்டி ஓட்டுகிற அடியும் அதற்கே விழும். அதன் கன்ட்ரோல் சப்ளையை ரிலேயின் மூன்றாவது காண்டாக்ட் 33-34 வழியாகக் கொடுங்கள், எமர்ஜென்சி அடித்ததும் அதன் ஹோல்டிங் விட்டுவிடும். K1, K2 எமர்ஜென்சிக்கும் காலையில் ஆன் பண்ணுவதற்கும் மட்டும் வேலை செய்யும், வருஷக்கணக்கில் முனை புதுசாகவே இருக்கும்.

---

ஓசூர் மெயின்டனன்ஸ் எழுதியது:

மூன்று காண்டாக்டர் அதிகம். சின்ன ரிலே ஒன்றில் ஸ்டார்ட் ஸ்டாப்பைப் பிடித்து, அதன் காண்டாக்டை 13, 23 சப்ளைக்கு முன்னால் போட்டால் K1, K2வே தினசரி வேலையையும் பார்க்கும். பேனலில் இடமும் மிச்சம். எங்கள் லைனில் பாதி மெஷின் அப்படித்தான் இருக்கிறது.

---

பேனல்காரர் எழுதியது:

செய்யலாம், தப்பில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். K1, K2 என்சி வழியாக வரும் ஃபீட்பேக்கை ரிலே பார்ப்பது ரீசெட் நேரத்தில் மட்டும். ரீசெட் அடித்த பிறகு நாள் முழுக்க ஐம்பது தடவை ஸ்டார்ட் ஸ்டாப் அடிக்கிறார், மூன்றாவது தடவையில் K1 ஒட்டிவிட்டது என்றால், அடுத்த எமர்ஜென்சியோ கரண்ட் கட்டோ வரும் வரை தெரியாது. மீதி நாற்பத்தேழு தடவையும் K2 மட்டும்தான் காவல். அந்த என்சிகளை ஸ்டார்ட் பட்டன் வழியிலும் கொண்டுவந்தால் இது தீரும். தட்டித் தட்டி ஓட்டுகிற மெஷின் என்று தெரிந்த பிறகு நான் மூன்றாகவே போடுவேன்.

---

ஓசூர் மெயின்டனன்ஸ் எழுதியது:

சரி, ஸ்டார்ட் வழியில் என்சி சேர்த்தால் இரண்டே போதும் என்பது என் கருத்து. பட்டறைக்காரர் முடிவு பண்ணட்டும்.

அதைவிட எனக்குப் படுவது, இரண்டு பட்டனையும் ஒரே ரிலேயில் சீரியஸில் போட்டிருக்கிறீர்களே, அதுதான். எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கன்வேயரில் மூன்று எமர்ஜென்சி, ஒரே ரிலே. முதல் பட்டனின் இரண்டாவது சேனல் கம்பி கேபிளுக்குள் ஒட்டியிருந்தது. ஒருவர் அழுத்தினார், லைன் நின்றது. விடுவித்து ரீசெட் அடித்தால் ஆகவில்லை. ரிலே சரியாகத்தான் மறுத்தது. ஷிஃப்ட் பையன் என்ன ஏதென்று தெரியாமல் அடுத்த பட்டனை அழுத்தி விடுவித்தான். அந்தப் பட்டன் நல்லது, இரண்டு சேனலையும் திறந்து மூடியது. ரிலே பார்த்தது, இரண்டும் திறந்து மூடிவிட்டன, எல்லாம் சரி என்று ரீசெட் ஆனது. லைன் ஓடியது. அதற்குப் பிறகு எத்தனை மாதம் அந்தப் பட்டன் ஒற்றைச் சேனலில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது, வருடாந்திரச் சோதனையில் கம்பியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பட்டனுக்கு ஒரு ரிலே என்று பிரித்துவிடுங்கள்.

---

பேனல்காரர் எழுதியது:

நீங்கள் சொல்வது உண்மையாக நடப்பது. கண்டுபிடித்த கோளாறை இன்னொரு பட்டன் அழித்துவிடுகிறது. மூன்று நான்கு பட்டன் வரிசையாக உள்ள லைனில் நானும் பிரிப்பேன். இரண்டே பட்டன், சின்ன மெஷின், ஒரே ஆபரேட்டர் என்றால் சீரியஸில் விட்டு, ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அழுத்தி ரீசெட் ஆகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். வாங்குபவரின் இன்ஜினியர் எந்த அளவு கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. அவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

---

மின்கம்பி எழுதியது:

ஜம்பர் பற்றி நான் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள் பட்டறை அண்ணா. கம்பி ஒட்டினால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு கேள்வி, இரண்டு சேனலும் ஒரே கேபிளில் போகும்போது ஒரு சேனலும் இன்னொரு சேனலும் ஒன்றோடொன்று ஒட்டினால்?

---

பேனல்காரர் எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டு சேனலும் பிளஸ் 24 வோல்ட்டிலேயே ஓடினால் ஒட்டியது தெரியாது. அதனால் நிறைய ரிலேயில் ஒரு சேனலைப் பிளஸ் பக்கத்திலும் மற்றதை மைனஸ் பக்கத்திலும் ஓட்டுவார்கள். இரண்டும் தொட்டால் உள்ளே ஷார்ட் ஆகி எலக்ட்ரானிக் ஃப்யூஸ் விழும், ரிலே அப்போதே ஆஃப். வேறு சிலதில் ஒவ்வொரு சேனலிலும் துடிப்பு அனுப்பிப் பார்ப்பார்கள். வாங்கும்போது குறுக்கு ஷார்ட் கண்டுபிடிக்குமா என்று கேட்டு வாங்குங்கள், எல்லா மாடலிலும் கிடையாது.

பட்டறைக்காரரே, பேனல் முடிந்ததும் பட்டனை அழுத்தி நிற்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். உங்கள் பழைய ஸ்டார்ட்டரும் அந்தச் சோதனையில் தேறும். மோட்டார் ஐசோலேட்டரை ஆஃப் பண்ணிவிட்டு, கன்ட்ரோல் சப்ளை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். ரிலே ஆனில் இருக்கும்போது S12 கம்பியைக் கழற்றுங்கள், விழ வேண்டும். திரும்ப மாட்டி ரீசெட் அடியுங்கள், ஆகக்கூடாது, பட்டனை ஒருமுறை அழுத்தி விடுவித்த பிறகே ஆக வேண்டும். S22க்கும் அப்படியே. S12, S22 இரண்டையும் ஒரு கம்பியால் தொடுங்கள், விழ வேண்டும். ஃபீட்பேக்கில் K1 கம்பியைக் கழற்றி ரீசெட் அடியுங்கள், ஆகக்கூடாது, K2வும் அப்படியே. கடைசியாக ரீசெட் பட்டனை டேப் போட்டு அழுத்தியபடி வைத்துவிட்டு எமர்ஜென்சியை விடுவியுங்கள். ரிலே தானாக ஆன் ஆகக்கூடாது.

---

கோவைப் பட்டறை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று காண்டாக்டராகவே போட்டேன். சோதனை எல்லாம் வரிசையாகப் பார்த்தோம். சேனல் இரண்டும் தேறின, குறுக்கு ஷார்ட்டில் ரிலேயின் பவர் விளக்கே அணைந்தது, கம்பியை எடுத்துக் கொஞ்ச நேரம் விட்ட பிறகு திரும்ப வந்தது. ஃபீட்பேக்கும் சரி.

கடைசிச் சோதனையில் மாட்டினோம். ரீசெட்டில் டேப் ஒட்டிவிட்டு எமர்ஜென்சியைத் திருப்பினேன், டக்கென்று இரண்டு சேனல் விளக்கும் எரிந்து K1, K2 இழுத்துவிட்டன. எலக்ட்ரீஷியன் தம்பி ரீசெட்டை S13-S14இல் கட்டியிருக்கிறார். எங்கள் ரிலேயில் அது தானாக ரீசெட் ஆவதற்கான டெர்மினல். பட்டனை அழுத்தி விட்டால் இரண்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பொடி அடைத்து ரீசெட் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால் எமர்ஜென்சியை விடுவித்ததுமே K1, K2 இழுத்திருக்கும். இரண்டு கம்பியையும் S33-S34க்கு மாற்றினோம். இப்போது பட்டனை அழுத்தி விடும்போதுதான் ஆகிறது, டேப் ஒட்டினால் ஆவதில்லை.

இரண்டு பட்டனுக்கும் ஒரே ரிலேதான் இப்போதைக்கு. இன்ஜினியருக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

---

ஓசூர் மெயின்டனன்ஸ் எழுதியது:

பதில் வரும் வரைக்கும் பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்: "ரீசெட் ஆகவில்லை என்றால் வேறு எமர்ஜென்சி பட்டனை அழுத்தாதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, கடைசியாக எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்று சொல்." நாங்கள் இப்போது எல்லா லைனிலும் ஒட்டியிருக்கிறோம்.